கம்ப்ளீஷன் இருக்கு, ஓசி எங்கே? பெங்களூரு ஹொரமாவில் ஒரு புது ஃப்ளாட்டின் நிகழ்வு ஆய்வு

2025 மார்ச்சில் ஹொரமாவில் ஃப்ளாட் புக் செய்திருந்த ஒரு தம்பதிக்கு பில்டரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. கட்டடம் முடிந்துவிட்டது, கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் இணைத்திருக்கிறோம், மீதி 5 சதவீதத்தைக் கட்டிப் பத்திரப்பதிவு செய்துகொண்டு சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது அந்த மெயில். இரண்டு மாதத்துக்குள் வராவிட்டால் மாதாமாதம் தாமதக் கட்டணம் என்று கடைசி வரியில் ஒரு மிரட்டல் வேறு.

கணவர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவர், மனைவி சென்னை வில்லிவாக்கம். பெங்களூரில் வீடு வாங்குகிற தமிழ்க் குடும்பங்களுக்குக் காகிதங்களைப் பார்த்துச் சொல்வது என் தொழிலின் ஒரு பகுதி. நான் கட்டடப் பொறியாளன். அவர்கள் என்னிடம் வந்தபோது பாதி முடிவு எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். காரணம், வில்லிவாக்கத்து மாமா. "கம்ப்ளீஷன் கைக்கு வந்தாச்சுல்ல? அப்புறம் எதுக்கு யோசனை? கட்டிட்டுப் போய்ப் பால் காய்ச்சுங்க" என்று போனில் சொல்லியிருந்தார்.

மாமா சொன்னது சென்னைக்குச் சரி. சென்னையில் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் என்றால் சிஎம்டிஏவோ மாநகராட்சியோ நேரில் பார்த்து, அனுமதித்த வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கொடுக்கிற காகிதம். பெரிய குடியிருப்புகளுக்கு அதைக் காட்டித்தான் மின் இணைப்பு வாங்குவார்கள். பெங்களூரில் அதே பெயரில் புழங்குவது வேறு காகிதம். இங்கே அதைக் கொடுப்பவர் பில்டர் சம்பளம் கொடுத்து அமர்த்திய ஆர்க்கிடெக்ட். பெங்களூரு மாநகராட்சியின் 2003 கட்டட துணைவிதிகளில், வேலை முடிந்த ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் மாநகராட்சிக்குத் தெரிவித்து, குடியேற அனுமதி கேட்க வேண்டும் என்று இருக்கிறது. அந்த விண்ணப்பத்தோடு எட்டாம் அட்டவணைப் படிவத்தில் ஆர்க்கிடெக்டோ பொறியாளரோ ஒரு சான்று வைக்க வேண்டும். அதுதான் இங்கே கம்ப்ளீஷன். அதன்பின் அதிகாரிகள் நேரில் வந்து பார்த்து, 30 நாளுக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சரி என்றால் ஒன்பதாம் அட்டவணைப் படிவத்தில் வருவது ஆக்குபன்சி சர்டிஃபிகேட், எல்லோரும் சொல்கிற ஓசி.

அதாவது, பெங்களூரில் முதல் காகிதம் பில்டர் தரப்பு வைக்கிற கோரிக்கை. இரண்டாவதுதான் அந்தக் கோரிக்கைக்கு மாநகராட்சி சொல்கிற பதில். இந்தத் தம்பதியிடம் கோரிக்கை மட்டும் இருந்தது.

ஊருக்கு ஊர் இது மாறுவதால்தான் குழப்பம். மும்பையில் ஓசி முதலில் வரும், கட்டட நிறைவுச் சான்று அதற்குப் பின்னால் வரும், இரண்டையும் மாநகராட்சியே தரும். டெல்லியில் இரண்டும் சேர்ந்து ஒரே சான்றாக வருகிறது. வீடு விற்பனையை ஒழுங்குபடுத்துகிற மத்தியச் சட்டமான ரெராவும் இரண்டுக்கும் தனித்தனியாக வரையறை சொல்லிவிட்டு, எது தேவை என்பதை உள்ளூர்ச் சட்டத்தின் கையில் விட்டிருக்கிறது. அதனால் நான் தலைப்பைப் படிப்பதில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய்க் கையெழுத்து யாருடையது என்று பார்ப்பேன். இவர்களுக்கு வந்ததில் ஆர்க்கிடெக்டின் லெட்டர்ஹெட், கவுன்சில் பதிவு எண், ஒரு முத்திரை. மாநகராட்சி ஓசி அப்படி இருக்காது. அதில் கோப்பு எண், நகரத் திட்டமிடல் அதிகாரியின் கையெழுத்து, மாடிவாரியாகச் சதுர மீட்டர் கணக்கில் ஒரு அட்டவணை, எத்தனை கார் நிறுத்தலாம், எத்தனை லிஃப்ட், பின்னால் ஒரு நீள நிபந்தனைப் பட்டியல் எல்லாம் இருக்கும். (சிசி என்று சுருக்கிச் சொன்னால் இன்னும் சிக்கல். அடித்தளம் முடிந்ததும் மாநகராட்சி தருகிற கமென்ஸ்மென்ட் சர்டிஃபிகேட்டும் சிசிதான். "சிசி வந்தாச்சு சார்" என்று விற்பனைப் பையன் சொன்னால், அடித்தளத்துக்கு மேலே கட்ட அனுமதி வந்தாச்சு என்பதாகவும் இருக்கலாம்.)

அடுத்து, ஓசிக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தோம். பில்டர் அலுவலகத்தில் கேட்டால் "அப்ளை பண்ணியாச்சு மேடம், எந்த நேரமும் வந்துடும்" என்றார்கள். `rera.karnataka.gov.in` தளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தில் வரைபட அனுமதி இருந்தது, கமென்ஸ்மென்ட் இருந்தது, ஓசி இல்லை. மாநகராட்சியின் நகரத் திட்டமிடல் பிரிவுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடச் சொன்னேன். பத்து ரூபாய்ச் செலவு. விண்ணப்பம் என்று வந்தது, ஆய்வு நடந்ததா, ஏதாவது பதில் கொடுத்தீர்களா, கொடுத்திருந்தால் நகல் தேவை. இவ்வளவுதான் கேள்வி. ஓசி கிடைத்ததா என்று மட்டும் கேட்டால் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பதிலின் நகலைக் கேட்பதுதான் முக்கியம்.

பதில் வருவதற்குள் நாங்களே அளந்து பார்த்தோம். அனுமதி வரைபடத்தின்படி கார் நிறுத்தும் தரைத்தளம், மேலே ஐந்து மாடி, 40 வீடு, 48 கார். மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற தரைப்பரப்பு விகிதக் கணக்கில் வருகிற மொத்தப் பரப்பு 4,000 சதுர மீட்டர். நேரில் போய்ப் பார்த்தால் இரண்டு விஷயம் உடனே கண்ணில் பட்டன. மொட்டைமாடியில் வரைபடத்தில் இல்லாத ஒரு ஹால், 240 சதுர மீட்டர். பார்ட்டி ஹால் என்று விளம்பரத்தில் படம் போட்டது அதுதான். கீழே கார் நிறுத்தும் இடத்தின் ஒரு மூலையில் சுவர் எழுப்பி ஜிம் ஆக்கியிருந்தார்கள். ஏழு கார் நிற்கிற இடம் அதற்குள் போய்விட்டது, மிச்சம் 41.

துணைவிதிகளில் சின்ன விலகல்களுக்கு இடம் உண்டு. கட்டடத்தைச் சுற்றி விடுகிற காலி இடம், மனையில் கட்டடம் பிடிக்கிற பரப்பு, தரைப்பரப்பு விகிதம், உயரம், இந்த நாலில் 5 சதவீதத்துக்குள் விலகியிருந்தால், இடித்தால் கட்டடத்தின் உறுதி கெடும் என்கிற நிலையில், கட்டணம் வாங்கிக்கொண்டு ஆணையர் முறைப்படுத்தலாம். முறைப்படுத்த முடியும் என்றுதான் விதி சொல்கிறது, முறைப்படுத்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. இப்போது கணக்கைப் பாருங்கள். 4,000-க்கு 240 என்றால் 6 சதவீதம். வரம்பு 200. ஹாலில் 40 சதுர மீட்டராவது போனால்தான் பேச்சே ஆரம்பிக்கும். அதுவும் ஹாலை இடித்தால் கீழே உள்ள கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது என்பதால், சலுகைக்கு வாதம் பலவீனம். கார் விஷயம் இன்னும் மோசம். அந்த நாலு தலைப்பில் கார் நிறுத்தம் கிடையவே கிடையாது. 48-க்கு 41 என்பதை 5 சதவீத விதிக்குள் கொண்டுவர வழியே இல்லை. சுவர் போக வேண்டும்.

இந்த இரண்டும் ஆர்க்கிடெக்ட் கொடுத்த கம்ப்ளீஷனில் ஒரு வார்த்தை இல்லை. அனுமதித்த வரைபடப்படி முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் பார்த்த நாளில் ஜிம் சுவர் இல்லாமலும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. அவர் யாரிடம் பணம் வாங்குகிறார் என்பது மட்டும் தெரியும்.

தகவல் உரிமைப் பதில் வந்தபோது நாங்கள் அளந்ததுதான் அதிலும் இருந்தது. அதிகாரிகள் ஜனவரியிலேயே வந்து பார்த்திருக்கிறார்கள். மேல்தளக் கட்டுமானத்தையும் கார் இடக் குறைவையும் சரிசெய்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கவும் என்று எண்டார்ஸ்மென்ட் கொடுத்திருக்கிறார்கள், கன்னடத்தில் ஹிம்பரஹ என்பார்கள். பில்டர் மெயில் அனுப்பியது மார்ச்சில். அதாவது, ஓசி இப்போதைக்கு வராது என்று எழுத்தில் தெரிந்த பிறகுதான் கம்ப்ளீஷனை இணைத்துப் பணம் கேட்டிருக்கிறார்.

ஏன் இந்த அவசரம் என்றால், அதற்கும் கணக்கு இருக்கிறது. வீட்டின் விலை 82 லட்சம். ஒப்பந்தப்படி 2023 டிசம்பரில் தர வேண்டும், ஆறு மாதச் சலுகையும் சேர்த்தால் 2024 ஜூன். இவர்கள் அதற்கு முன்பே 95 சதவீதம், அதாவது 77.9 லட்சம் கட்டியிருந்தார்கள். ரெரா சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி, திட்டத்தை விட்டு விலகாத வாங்குநருக்குத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் பில்டர் வட்டி தர வேண்டும். கர்நாடக விதிகளில் அந்த வட்டி, ஸ்டேட் வங்கி தன் கடன்களுக்கு அடிப்படையாக வைக்கிற எம்சிஎல்ஆர் விகிதங்களில் உச்சமானதோடு 2 சதவீதம் சேர்த்து. அப்போதைக்கு 11 சதவீதத்தை ஒட்டி வந்தது. 77.9 லட்சத்துக்கு மாதம் சுமார் 71,400 ரூபாய். வீட்டை ஒப்படைத்துவிட்டேன் என்று ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் இந்த மீட்டர் நின்றுவிடும் என்பதுதான் பில்டரின் கணக்கு.

அதற்கு வைத்திருந்த கருவியின் பெயர் ஃபிட்-அவுட் பொசஷன். சாவியை வாங்கிக்கொண்டு உட்புற மரவேலை செய்துகொள்ளுங்கள், ஓசி வந்ததும் குடியேறுங்கள் என்கிற ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். இவர்களுக்கு வந்த கடிதத்தில் மூன்றாவது பத்தியில், இந்த நாளில் இருந்து வீடு என் பொறுப்பு, தாமதம் குறித்து எந்தக் கோரிக்கையும் இல்லை, பராமரிப்புக் கட்டணம் இன்று முதல் என்று இருந்தது. உரிய சான்று இல்லாமல் ஒப்படைப்பதாகச் சொல்வது செல்லாது என்று ஆக்ரா வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வாங்குநருக்குப் பலம்தான். ஆனால் கோரிக்கை இல்லை என்று நீங்களே கையெழுத்துப் போட்ட காகிதம் எதிர்த்தரப்பு வக்கீலிடம் இருந்தால், சாதகமான வழக்கிலும் இரண்டு வருடம் கூடுதலாகப் பேச வேண்டி வரும்.

கடைசி வரி மிரட்டலுக்கு வருவோம். இரண்டு மாதத்துக்குள் வீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ரெரா சட்டத்தில் உண்மையிலேயே இருக்கிறது, 19-ஆம் பிரிவின் 10-ஆம் உட்பிரிவு. ஆனால் அந்த இரண்டு மாதம் ஓசி வழங்கிய நாளில் இருந்து எண்ணப்படுவது. பில்டர் அதைத் தன் மெயில் தேதியில் இருந்து எண்ணியிருந்தார். பத்திரப்பதிவும் அப்படியே, 17-ஆம் பிரிவு சொல்கிற மூன்று மாதம் ஓசியில் இருந்துதான் ஓடுகிறது. பத்திரம் முன்கூட்டியே பதிவானாலும் அதனால் குடியேறும் அனுமதி வந்துவிடாது, இரண்டும் வேறு அலுவலகம்.

இவர்கள் அனுப்பிய பதில் ஆறு வரி. ஓசி நகல் கிடைத்த பின் மீதித் தொகையைச் செலுத்துகிறோம், நீங்கள் இணைத்தது ஓசி அல்ல, ஜனவரி எண்டார்ஸ்மென்டின் நகல் எங்களிடம் இருக்கிறது, 2024 ஜூலை முதல் தாமத வட்டிக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம் என்று சொன்னேன், ஏனென்றால் அதை நாளைக்கு ரெரா ஆணையத்தில் ஒருவர் படிக்கப் போகிறார்.

40 வீட்டில் ஆறு குடும்பம் ஃபிட்-அவுட் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, மே மாதம் பள்ளி திறப்பதற்குள் குடிவந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாடகை ஒரு பக்கம், மாதத் தவணை ஒரு பக்கம் என்று எத்தனை மாதம்தான் கட்டுவது? ஆனால் அவர்களுக்கு வந்த நேரம் சரியில்லை. 2024 டிசம்பர் 17-இல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், இந்தச் சான்று இருந்தால்தான் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு தர வேண்டும், வங்கிகளும் அதைச் சரிபார்த்த பிறகே கடன் தர வேண்டும் என்று நாடு முழுக்கப் பொருந்தும்படி உத்தரவிட்டது. அதன்படி 2025-இல் பெங்களூரின் மின் வழங்கல் நிறுவனமான பெஸ்காமின் கவுண்டரில் ஓசி கேட்க ஆரம்பித்தார்கள். பிற்பாடு மாநில அரசு 1,200 சதுர அடி வரையிலான மனைகளில் உள்ள சிறு வீடுகளுக்கு விலக்கு கொடுத்தது. 40 வீட்டுக் குடியிருப்புக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆறு குடும்பமும் பில்டர் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பில் இருந்து சப்-மீட்டர் வைத்து வாழ்ந்தார்கள், யூனிட் விலை வீட்டுக் கட்டணத்தைவிட ரொம்ப அதிகம். தண்ணீர் முழுக்க டேங்கர்.

இது சில மாதக் கஷ்டம்தானே என்று நினைப்பவர்களுக்கு மும்பை வழக்கு ஒன்றைச் சொல்வேன். சம்ருத்தி கூட்டுறவு வீட்டுச் சங்கம். 1997-இல் குடியேறினார்கள், ஓசி வரவில்லை. அதனால் சொத்து வரி 25 சதவீதம் கூடுதல், தண்ணீர்க் கட்டணம் 50 சதவீதம் கூடுதல் என்று வருடக்கணக்கில் கட்டினார்கள். 2022 ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம், ஓசி வாங்கித் தராதது தொடர்ந்து நடக்கும் தவறு, சேவைக் குறைபாடு, காலம் கடந்த புகார் என்று தள்ள முடியாது என்றது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. வருவதற்கு 25 வருடம்.

நடுவில் ஒரு கிளைக்கதை. கணவரின் மைத்துனர் அதே கட்டடத்தில் விற்காமல் இருந்த மூன்றாம் மாடி வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டார். 90 லட்சம். "கம்ப்ளீஷன் வந்த வீடு சார், ஜிஎஸ்டி கிடையாது, உங்களுக்கு நாலரை லட்சம் மிச்சம்" என்றார் விற்பனையாளர். முழுத் தொகையும் நிறைவுச் சான்றுக்குப் பிறகோ முதல் குடியேற்றத்துக்குப் பிறகோ, எது முந்தியதோ அதன் பின் கைமாறினால் ஜிஎஸ்டி இல்லை என்பது சரி. ஆனால் அங்கே சொல்கிற சான்று அதிகார அமைப்பு தருவது. அப்படி ஒரு சான்றைச் சட்டம் கேட்காத இடங்களில் மட்டும்தான் ஆர்க்கிடெக்ட் சான்று அதற்கு ஈடாகும். பெங்களூரில் சட்டம் ஓசியைக் கேட்கிறது. ஆறு குடும்பம் குடிவந்ததையே முதல் குடியேற்றம் என்று காட்டி வாதாடலாம்; அனுமதியில்லாத குடியேற்றத்தை நம்பி நாலரை லட்சத்தைப் பந்தயம் கட்ட எனக்கு மனம் வராது. விற்பனை ஒப்பந்தத்தில் வருங்கால வரி எல்லாம் வாங்குபவர் தலையில் என்று ஒரு வரியும் இருந்தது. ஓசி வரும்வரை ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம் என்றேன். அவர் காத்திருந்தார். பில்டர் விலையில் இரண்டு லட்சம் ஏற்றினார், ஆனாலும் கணக்கு மைத்துனர் பக்கம்தான்.

மற்ற வாங்குநர்கள் 23 பேர் சேர்ந்து அதே ஆறு வரிப் பதிலை அனுப்பியதும், வங்கி மீதிக் கடனை ஓசி இல்லாமல் விடுவிக்க மறுத்ததும் பில்டருக்கு உறைத்தது. ஒவ்வொருவரின் கடைசி 5 சதவீதம் சேர்ந்தால் கோடி ரூபாய்க்குப் பக்கம். ஆகஸ்டில் ஜிம் சுவரை எடுத்தார்கள். மொட்டைமாடி ஹாலில் 40 சதுர மீட்டர் மட்டும் வெட்டிப் பார்க்கலாம் என்று முதலில் முயன்று, பிறகு முழுவதையும் இறக்கினார்கள். இதற்கிடையில் பழைய மாநகராட்சி போய், செப்டம்பரில் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்தன. கோப்பு மேசை மாறியதில் சில வாரம் போயிற்று. ஓசி நவம்பரில் வந்தது.

வந்த காகிதத்தையும் படிக்க வேண்டும், சாவியை வாங்கும் உற்சாகத்தில் பலர் படிப்பதில்லை. மாடிவாரி அட்டவணையில் உங்கள் மாடி இருக்கிறதா? பல பிளாக் உள்ள திட்டத்தில் பகுதி ஓசி கொடுத்துவிட்டு, வராத பிளாக்குக்காரர்களிடமும் அதையே காட்டுவார்கள். இங்கே ஒரே பிளாக், ஐந்து மாடியும் இருந்தன, கார் 48 என்று இருந்தது. ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ஜிம் சுவருக்குள் போன ஏழு இடத்தில் மூன்றை பில்டர் ஏற்கெனவே வேறு எண் போட்டு விற்றிருந்தார். வரைபட எண்ணோடு பொருத்தி மறுபடி ஒதுக்க வேண்டியிருந்தது. இந்தத் தம்பதியின் இடம் தப்பித்தது.

மீதி 4.1 லட்சத்தைக் கட்டி டிசம்பரில் பதிவு செய்தார்கள். 2024 ஜூலை முதல் 2025 நவம்பர் வரை 17 மாத வட்டி சுமார் 12.1 லட்சம். பில்டர் மூன்று லட்சத்தில் முடித்துக்கொள்ளலாம் என்றார். அவர்கள் ரெரா ஆணையத்தில் N படிவம் வழியாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள், விசாரணை நடக்கிறது. ஆறு குடும்பத்தில் நான்கும் புகார் கொடுத்திருக்கின்றன. அவர்களுக்குப் பில்டர் தரப்பு தாக்கல் செய்த பதிலின் முதல் இணைப்பு அந்த ஃபிட்-அவுட் கடிதம். குடியிருப்போர் சங்கத்துக்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஓசி வந்த பின் கட்டட வரைபடங்களையும் ஆவணங்களையும் பில்டர் ஒப்படைக்க வேண்டும், அதில் கழிவுநீர்க் குழாய் வரைபடமும் லிஃப்ட் காகிதங்களும் இன்னும் வரவில்லை.